மூடிய ரோபோப் பெட்டிக்குள் ஜி.பி.யூ. போர்டு: வேலூர் வெயிலுக்கு வெப்பக் கணக்கும் வாட் கணக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு முற்றத்தில் சுற்றிவந்து, கேமரா வழியாகத் தொட்டிகளைப் பார்க்கும் சக்கர ரோபோ அது. 24 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. உள்ளே ஜெட்சன் ஓரின் நானோ 8 ஜி.பி. போர்டு. பெட்டி 250 × 200 × 120 மி.மீ., 3 மி.மீ. அலுமினியத் தகடு. வெளியில் நிழலில் 42 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்கிறோம். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் இது அதிசயம் இல்லை. உங்கள் பெட்டியின் அளவு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வழி அதேதான்.

கேள்வி: பக்கவாட்டில் நாலு ஓட்டை போட்டு ஃபேன் வைத்தால் முடிந்ததே, எதற்கு மூட வேண்டும்?

வீட்டு மாடியில் ஓடும் ரோபோவுக்கு அது சரி. இங்கே சரிவராது. தோல் பதனிடும் கழிவில் சல்ஃபைடு இருக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். ஃபேன் அந்தக் காற்றை நாள் முழுக்கப் போர்டின் மேல் ஊதிக்கொண்டே இருக்கும். கனெக்டர் முனைகளும் ரிலே முனைகளும் முதலில் போகும், அதுவும் ஒரேயடியாகப் போகாது. தொட்டால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். தோல் உரசும் கூடமாக இருந்தால் மெல்லிய தூசியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பெட்டியை மூடியே ஆக வேண்டும். மூடிய பிறகு வெப்பம் வெளியேற ஒரே வழி பெட்டியின் சுவர்தான்.

கேள்வி: போர்டை 15 வாட் மோடில் வைத்திருக்கிறேன். அப்படியென்றால் பெட்டிக்குள் 15 வாட் சூடுதானே?

இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் பிசகுகின்றன. அந்த 15 வாட் என்பது சிப்பும் மெமரியும் உள்ள, கிரெடிட் கார்டைவிடச் சிறிய மாட்யூலுக்கு மட்டுமான வரம்பு. அது செருகியிருக்கும் கேரியர் போர்டு, எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி. கேமரா, மின்மாற்றும் சர்க்யூட் எதுவும் அதில் சேராது. பெட்டிக்குள் மின்சாரமாக வந்து, ஒளியாகவோ அசைவாகவோ வெளியே போகாத ஒவ்வொரு வாட்டும் சூடுதான்.

நம் பெட்டியில் மாட்யூல் சராசரியாக 13 வாட் எடுக்கிறது. கேரியர் போர்டுக்கு 2, எஸ்.எஸ்.டி.க்கு 2, இரண்டு கேமராவுக்கு 3, வைஃபைக்கு 1. ஆக 21 வாட். இந்த 21 வாட்டைக் கொடுக்கும் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் 90 சதவீதத் திறனில் ஓடுகிறது என்றால், பேட்டரியிலிருந்து 23.3 வாட் இழுக்கும், மிச்சம் 2.3 வாட் அதற்குள்ளேயே சூடாகும். மோட்டார் வெளியில் இருந்தாலும் மோட்டார் டிரைவர் உள்ளேதான் இருக்கிறது. அது சராசரி 5 வாட் விழுங்குகிறது. எல்லாம் கூட்டினால் 28 வாட். 15 என்று நினைத்ததற்கு ஏறக்குறைய இரட்டிப்பு.

மாட்யூல் எவ்வளவு எடுக்கிறது என்பதை யூகிக்க வேண்டாம். உங்கள் நிஜ வேலையை ஓடவிட்டு இதைப் போடுங்கள்:

```
sudo tegrastats --interval 5000 --logfile tegra.txt
```

`VDD_IN` என்ற இடத்தில் இரண்டு எண் வரும், இரண்டும் மில்லிவாட்டில். முதலாவது அந்தக் கணத்து அளவு, சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது சராசரி. சூட்டுக்குச் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்யூலுக்கு வெளியே உள்ளவற்றை இது காட்டாது. அதற்குப் பேட்டரி வயரில் ஒரு வாட் மீட்டரை மாட்டி, மோட்டாரை நிறுத்திவைத்து மொத்தத்தை அளப்பதே நேர்வழி.

கேள்வி: 28 வாட் என்றால் பெட்டி எவ்வளவு சூடாகும்? கையால் கணக்குப் போட முடியுமா?

முடியும். முதல் முடிவை எடுக்க அதுவே போதும்.

பெட்டியின் ஆறு முகத்தையும் கூட்டினால் 0.208 சதுர மீட்டர். அடிமுகம் ரோபோவின் உடலோடு ஒட்டி நிற்பதால் அதைக் கழித்துவிடுங்கள், 0.158 வருகிறது. பெயின்ட் அடித்த சுவர், காற்று வீசாத இடம் என்றால், ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 9 வாட் வெளியேற்றும். காற்றும் கதிர்வீச்சும் சேர்ந்த எண் இது.

```
ΔT = P / (h × A) = 28 / (9 × 0.158) ≈ 20
```

வெளியில் 42 என்றால் சுவர் 62 டிகிரி. இது நிழலில், சமநிலைக்கு வந்த பிறகு. காற்று வீசினால் குறையும். ஆனால் காற்றே அசையாத மத்தியானத்தை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும்.

பெயின்ட் என்று சொன்னது அழகுக்காக அல்ல. பளபளக்கும் வெற்று அலுமினியம் கதிர்வீச்சாக வெப்பத்தை அதிகம் விடுவதில்லை; 9 என்ற எண் 5 அளவுக்கு இறங்கிவிடும். அதே 28 வாட்டுக்கு 20 டிகிரி ஏறவேண்டியது 35 டிகிரி ஏறும். சாதாரண பவுடர் கோட்டிங் போதும், விசேஷமான பெயின்ட் எதையும் தேட வேண்டாம்.

கேள்வி: சூட்டை நன்றாக விடும் என்று கருப்பு அடிக்கச் சொல்கிறார்களே?

கூரைக்குக் கீழே ஓடும் ரோபோவுக்குக் கருப்பும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். அறை வெப்பத்தில் இரண்டு பெயின்ட்டும் ஏறக்குறைய ஒரே அளவு கதிர்வீச்சை விடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெயிலுக்கு வந்தால்தான் கதை மாறுகிறது.

மத்தியான வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வையுங்கள். நம் பெட்டியின் மேல்மூடி 0.05 சதுர மீட்டர். அதன்மேல் விழுவது 45 வாட். கருப்பு அதில் 40 வாட்டைக் குடித்துவிடும். உள்ளே உள்ள எல்லாமும் சேர்ந்து தரும் 28 வாட்டைவிட அது அதிகம்! மொத்தம் 68 வாட், சுவர் 48 டிகிரி ஏறி 90ஐத் தொடும். நல்ல வெள்ளை கால் பங்கைத்தான் குடிக்கும், 11 வாட். அப்போது மொத்தம் 39, சுவர் 69 அல்லது 70.

வெள்ளையும் தூசி படிந்தால் பழுப்பாகிவிடும். ஆகவே எங்கள் சிபாரிசு மேலே ஒரு குடைத்தகடு. 1 மி.மீ. அலுமினியத் தகட்டை வெள்ளை அடித்து, மூடிக்கு மேல் 20 மி.மீ. இடைவெளி விட்டு, நாலு பிளாஸ்டிக் ஸ்பேசரில் நிறுத்துங்கள். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வெயிலைத் தகடு வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் காற்று ஓடும், பெட்டி நிழல் கணக்குக்குப் பக்கத்தில் திரும்பிவிடும். மின்சாரம் ஒரு வாட்டும் செலவில்லாமல் 7, 8 டிகிரி மிச்சம்.

கேள்வி: போர்டோடு வந்த ஹீட் சிங்க், ஃபேன் இரண்டும் உள்ளே இருக்கின்றன. அது போதாதா?

ஃபேன் சிப்பின் சூட்டைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் கொட்டும். அந்தக் காற்று எங்கும் போகாது. காற்றிலிருந்து சுவருக்குச் சூடு ஏறவும் ஒரு வித்தியாசம் வேண்டும். 28 வாட்டும் காற்று வழியாகவே போக வேண்டுமென்றால், இந்தப் பெட்டியில் உள்காற்று சுவரைவிட 20 டிகிரி அளவுக்கு மேலே நிற்கும். சுவர் 62, காற்று 82. அந்த 82 டிகிரிக் காற்றைத்தான் ஃபேன் ஹீட் சிங்க்கில் ஊதுகிறது. சிப் அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரியில் இருக்கும்.

சிப்பின் சூட்டைக் காற்றில் விடாமல் நேரே சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். மாட்யூலின் ஹீட் சிங்க்கை எடுத்துவிட்டு, 40 × 40 மி.மீ. அலுமினியக் கட்டை ஒன்றைச் சிப்புக்கும் சுவருக்கும் நடுவில் வைப்பதே வழி. ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்து மில்லிங் பட்டறை எதுவும் இதைச் செய்துகொடுக்கும். இரண்டு முகமும் தட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சிறிய ஃபேனையும் உள்ளே விட்டுவையுங்கள். இனி அதன் வேலை காற்றைக் கலக்கி மூலையில் சூடு தேங்காமல் பார்ப்பது மட்டும்.

கேள்வி: சிப்புக்கு மேல் தெர்மல் பேட் வைக்கலாமா, பேஸ்ட் தடவலாமா?

சிப் பக்கம் பேஸ்ட், சுவர் பக்கம் பேட். இதை மாற்றிச் செய்தால் வரும் நஷ்டம் பெரிது. ஏன் என்று பாருங்கள்.

பேடின் தடை, தடிமனை அதன் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் வரும். 1 மி.மீ. தடிமன், கடத்துதிறன் 3 (வாட்/மீட்டர்·கெல்வின்) உள்ள பேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 13 வாட்டில் சிப்பின் வழியாகப் போவது 10 வாட் என்று வைப்போம். மீதி மெமரியிலும் ரெகுலேட்டரிலும் போகிறது. பேடைக் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில், 40 × 40 மி.மீ. பரப்பில் வைத்தால் 2 டிகிரிதான் இழப்பு. அதே பேடை 20 × 20 மி.மீ. அளவுள்ள சிப்பின் மேல் வைத்தால் பரப்பு கால் பங்கு, இழப்பு 8 டிகிரிக்கு மேல்.

சுவர் பக்கம் பேட் கட்டாயம் வேண்டும். ரோபோ குழியில் இறங்கி ஏறும்போது பெட்டிச் சுவர் கொஞ்சம் வளையும். இறுக்கமாகத் திருகிய கட்டை அந்த அசைவை அப்படியே சிப்பின் மேல் ஏற்றிவிடும், ஓரம் தெறிக்கலாம். பேட் அதை வாங்கிக்கொள்ளும். கட்டையை மாட்யூலோடு ஸ்பிரிங் திருகால் பிடித்து, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒருமுறை கழற்றிப் பேஸ்ட் பரவியிருக்கும் தடத்தைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தடிமனாக இருந்தால் கட்டை சாய்ந்திருக்கிறது.

இப்போது சிப்பின் கணக்கு. நிழலில் சுவர் சராசரி 62. கட்டை ஒட்டிய இடம் மட்டும் ஏறத்தாழ 6 டிகிரி கூடுதல், பேடில் 2, கட்டையில் 1, பேஸ்ட்டிலும் சிப்பின் உள்ளும் 5. ஆக 76 டிகிரி. வெள்ளைப் பெட்டி, குடையில்லாமல் வெயிலில் நின்றால் 83, 84. கருப்புப் பெட்டி வெயிலில் நின்றால் 104. அதைச் சிப் தாங்காது.

கேள்வி: சிப் 99 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள். 84க்கு ஏன் கவலைப்பட வேண்டும்?

சிப்புக்காகக் கவலைப்பட வேண்டாம். ஓரின் வரிசையில் 99 டிகிரி அளவில் வேகம் குறையத் தொடங்கும், 104.5ல் மென்பொருளே அணைத்துவிடும். உங்கள் போர்டில் உள்ள நிஜ வரம்பை இப்படிப் படிக்கலாம். எண்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியில் வரும்:

```
for z in /sys/class/thermal/thermal_zone*; do
  echo "$(cat $z/type) $(cat $z/temp)"
  cat $z/trip_point_*_temp
done
```

கவலை, அதே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மற்றவற்றுக்கு. கடையில் வாங்கும் சாதாரண எஸ்.எஸ்.டி. 70 டிகிரி வரைக்கும்தான். யு.எஸ்.பி. கேமராக்களின் வரம்பும் பலவற்றில் அதற்குக் கீழேதான் இருக்கும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடுவது முதல் அறிகுறி. மின்தேக்கிகளில் எலக்ட்ரோலிட்டிக் வகை, 10 டிகிரி கூடினால் ஆயுளில் பாதி போகும். லித்தியம் பேட்டரியை இந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

கட்டை வழியாகச் சிப்பின் சூடு போய்விட்ட பிறகு, டி.சி.-டி.சி. கன்வெர்ட்டரையும் மோட்டார் டிரைவரையும் சுவரோடு ஒட்டித் திருகிவிட்டால், காற்றுக்குள் மிஞ்சுவது 10 வாட் சொச்சம். உள்காற்று சுவரைவிட 7, 8 டிகிரி மேலே நிற்கும்; அதாவது நிழலிலேயே 70. எஸ்.எஸ்.டி.யின் வரம்பு அங்கேயே முடிந்தது. அதையும் ஒரு பேட் வைத்துச் சுவரோடு சேர்த்தால் 65 சுமாருக்கு வரும். குடைத்தகடு இல்லாமல் வெயிலில் நின்றால் சுவரே 70, பேட் வைத்தும் பயனில்லை. அப்போது 85 டிகிரி தாங்கும் தொழிற்சாலை வகை எஸ்.எஸ்.டி.தான் வழி. அதன் சூட்டைப் பார்க்க:

```
sudo nvme smart-log /dev/nvme0
```

குடைத்தகடு வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இந்த எஸ்.எஸ்.டி.க்காகத்தான்.

கேள்வி: காட்பாடியில் ஏ.சி. அறையில் பத்து நிமிஷம் ஓட்டினோம், 55 டிகிரிதான் காட்டியது. களத்துக்குப் போகலாமா?

போக வேண்டாம். பத்து நிமிஷத்தில் பெட்டி இன்னும் முழுசாகச் சூடாகவில்லை. நம் பெட்டியின் தகடு மட்டும் 1.7 கிலோ; உள்ளே இருப்பதையும் சேர்த்தால், ஒரு டிகிரி ஏற 2,200 ஜூல் வேண்டும். ஒரு டிகிரிக்கு 1.4 வாட் வெளியே போகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 26 நிமிஷம். அரை மணியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஏறியிருக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டினால்தான் வரைபடம் படுக்கும். கடைசி 20 நிமிஷத்தில் ஒரு டிகிரிக்குள் நின்றால் அந்த எண்ணை நம்பலாம்.

அறையிலேயே முடிக்க வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். 25 டிகிரி அறையில் சிப் 59ல் நின்றால், 42 டிகிரியில் 17 கூடி 76. சூடான சிப் கசிவு மின்னோட்டத்தால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதற்கு இன்னும் 3 முதல் 5 டிகிரி ஒதுக்குங்கள். வெயிலின் பங்கு தனி. அதை மேலே சொன்னபடி சேர்க்க வேண்டும்.

சோதனையில் பெட்டியின் மூடியை முழுசாகத் திருகி, கேஸ்கெட்டோடு மூடியிருக்க வேண்டும். கேபிள் போட வசதியாக மூடியைச் சாத்திவைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மெதுவாகிறது. சூடா, மின்சாரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

`tegrastats` பதிவில் `tj@` என்ற எண்ணைப் பாருங்கள். 99ஐ ஒட்டி நின்றுகொண்டு வேகம் மெல்ல மெல்ல இறங்கினால் சூடு. மத்தியானம் வரும், சாயங்காலம் போய்விடும். `tj@` 70ல் இருக்கும்போதே வேகம் சட்டென்று விழுந்து எழுந்தால் மின்சாரம். திரையில் அதிக மின்னோட்டத்தால் வேகம் குறைக்கப்பட்டது என்ற எச்சரிக்கையும் வரும். இந்த எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்:

```
grep "" /sys/class/hwmon/hwmon*/oc*_event_cnt
```

ரோபோ கிளம்பும் கணத்தில் மட்டும் போர்டு அணைந்து மீண்டும் எழுந்தால், போர்டின்மேல் குற்றமில்லை. மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரி வோல்டேஜ் குழியில் விழுகிறது. மோட்டாருக்கும் போர்டுக்கும் பேட்டரி முனையிலிருந்தே தனித்தனி வயர் எடுங்கள். கன்வெர்ட்டர் 18 முதல் 36 வோல்ட் வரை வாங்கும் வகையாக இருக்கட்டும். சூட்டுக்குச் சராசரியைப் பார்த்தோம். கன்வெர்ட்டருக்கு உச்சத்தைப் பார்க்க வேண்டும். 21 வாட் சராசரிக்கு 40 வாட் கன்வெர்ட்டர் வாங்குவது வீண் செலவு அல்ல.

கேள்வி: சூடு மிஞ்சுகிறது, பெட்டியையும் மாற்ற முடியாது. வாட்டை எங்கே குறைப்பது?

வேலையில் குறையுங்கள். தொட்டி நுரையைப் பார்க்கும் ரோபோவுக்கு விநாடிக்கு 30 படம் எதற்கு? 8 போதும். மாடலை முழு எண் வடிவுக்கு மாற்றினால் ஒரு படத்துக்கு ஆகும் ஆற்றலும் குறையும். துல்லியம் எவ்வளவு போகிறது என்பதை உங்கள் படங்களிலேயே சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது மோடு. கடிகார வேகத்தைக் குறைத்தால் அதோடு வோல்டேஜும் குறைகிறது. வாட், வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும். ஆகவே வேகத்தில் இழப்பதைவிட வாட்டில் மிச்சமாவது அதிகம். எந்த எண் எந்த மோடு என்பது ஜெட்பேக் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்:

```
grep "POWER_MODEL ID" /etc/nvpmodel.conf
sudo nvpmodel -q
```

25 வாட் மோடுக்குத் தாவினால் நம் பெட்டியில் மொத்தம் 38 வாட் ஆகிவிடும். நிழலிலேயே சுவர் 69. சிப் தாங்கும், எஸ்.எஸ்.டி. தாங்காது. `jetson_clocks` கட்டளையை மூடிய பெட்டியில் போட வேண்டாம். வேலை இல்லாதபோதும் அது கடிகாரத்தை உச்சத்திலேயே பிடித்துவைக்கும். மேசையில் வேகத்தை அளப்பதற்கு உதவும், களத்துக்கு அல்ல.

கேள்வி: கோடை மழைக்குப் பிறகு பெட்டிக்குள் தண்ணீர்த் துளி. கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது, எப்படி வந்தது?

பெட்டி தானே உறிஞ்சியது. 75 டிகிரியில் இருந்த உள்காற்று மழை பட்டு 30க்கு இறங்கினால் அழுத்தம் 13 சதவீதம் குறையும். அந்த நேரத்தில் கேஸ்கெட் ஓரத்திலும் கேபிள் கிளாண்டிலும் நிற்பது மழைத்தண்ணீர். அதுதான் உள்ளே இழுபடும். பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் நீர் விடாமல் காற்று மட்டும் விடும் சவ்வு வென்ட் ஒன்றைத் திருகுங்கள், அழுத்தம் அதன் வழியாகச் சமமாகிவிடும். சவ்வு தண்ணீரைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. எனவே சல்ஃபைடு உள்ள இடத்தில் கேரியர் போர்டுக்கும் மோட்டார் டிரைவருக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள். கனெக்டர்களையும் கட்டை உட்காரும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும்.